இருபது சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது?

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஏதோ ஒரு ஓட்டலின் முதல் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே வராந்தாவில் இன் பண்ணிய சட்டையும் தோல் பையுமாகப் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு மருந்து நிறுவனத்தின் ரீஜனல் மேனேஜர் ஏரியா மேனேஜர் வேலைக்கு ஆள் எடுக்கிறார். மருந்து விற்பனைத் துறையில் வேலைமாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். வந்திருப்பவர்கள் எல்லோரும் மெடிக்கல் ரெப்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பக்க ரெஸ்யூம். பெரும்பாலானவற்றில் ஒரே வரிகள்தான் இருக்கும்: டார்கெட்டைத் தொடர்ந்து தாண்டியவர், விற்பனையை 20 சதவீதம் வளர்த்தவர், 300 மருத்துவர்களைக் கையாண்டவர், ரீஜனில் முன்னணி இடம் பெற்றவர்.

இந்த நான்கு வரிகளையும் மேனேஜர் அரை நிமிடத்தில் படித்துவிடுவார். அடுத்த இருபது நிமிடம் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்தான் போகும். அவரும் ஒரு காலத்தில் ரெப்பாக இருந்து வந்தவர்தான். ஒவ்வொரு எண்ணும் எப்படி உருவாகிறது, எங்கே ஊதிப் பெருக்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரியும். ரெஸ்யூம் எழுதுகிறவருக்கும் அது தெரிந்திருந்தால், அந்த நான்கு வரிகளை வேறு மாதிரி எழுதியிருப்பார்.

எப்படி எழுதலாம் என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்க்கலாம். மதுரையைத் தலைமையிடமாக, அதாவது ஹெச்.க்யூ.வாக, கொண்ட ஒரு ரெப் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை நோய், ரத்த அழுத்த மருந்துகளை விற்கும் பிரிவில் இருக்கிறார். மதுரை நகரம் போக, காலையில் போய் இரவு திரும்பக்கூடிய திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி ஆகிய எக்ஸ்-ஸ்டேஷன்களும் அவர் பொறுப்பு. 2022-23 நிதியாண்டில் அவருடைய விற்பனை 36 லட்சம் ரூபாய். 2023-24இல் அது 43.2 லட்சம் ஆனது. அந்த ஆண்டு அவருக்குக் கொடுக்கப்பட்ட டார்கெட் 42 லட்சம். எண்கள் உதாரணத்துக்காகப் போட்டவை. அவை நடந்துகொள்ளும் விதம் மட்டும் இந்தத் துறையில் அன்றாடம் காண்பது.

டார்கெட்டிலிருந்து தொடங்கலாம். 42 லட்சத்துக்கு 43.2 லட்சம். அதாவது 102.9 சதவீதம். ரெஸ்யூமில் போடத் தகுந்த எண்தான். ஆனால் மேனேஜரின் முதல் கேள்வி, “இது பிரைமரியா, செகண்டரியா?” என்பதாக இருக்கும்.

மருந்து ஒரே தாவலில் நோயாளியிடம் போய்ச் சேர்வதில்லை. நிறுவனத்தின் டிப்போவிலிருந்து ஊரில் இருக்கும் மொத்த விற்பனையாளரான ஸ்டாக்கிஸ்டுக்குப் போவது பிரைமரி. ஸ்டாக்கிஸ்டிடமிருந்து மருந்துக் கடைகளுக்குப் போவது செகண்டரி. நிறுவனம் பில் போடுவது ஸ்டாக்கிஸ்டுக்குத்தான் என்பதால், பல இடங்களில் டார்கெட்டும் இன்சென்டிவும் பிரைமரியை வைத்தே கணக்கிடப்படுகின்றன. மாதக் கடைசி வாரத்தில் ரெப் ஸ்டாக்கிஸ்ட் கடையில் போய் உட்காருவதற்குக் காரணம் இதுதான். “அண்ணே, இன்னும் ஒரு நாப்பதாயிரத்துக்கு ஆர்டர் போட்டுக் குடுங்கண்ணே, அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாம்” என்று கெஞ்சுவது அங்கே வாடிக்கை. அப்படிப் போட்ட ஆர்டரும் நிறுவனத்தின் கணக்கில் விற்பனைதான். ஆனால் சரக்கு ஸ்டாக்கிஸ்டின் அலமாரியிலேயே இருக்கும். இதை டம்பிங் என்பார்கள்.

டம்பிங் நடந்திருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கூட்டல் கழித்தல் போதும். ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்டாக்கிஸ்டுகளிடம் இருந்த சரக்கோடு ஆண்டு முழுவதும் வந்த பிரைமரியைக் கூட்ட வேண்டும். அதிலிருந்து மார்ச் 31 அன்று மிச்சமிருந்த க்ளோசிங் ஸ்டாக்கையும், காலாவதியாகியோ உடைந்தோ திரும்பிப் போனதையும் கழிக்க வேண்டும். வருவதுதான் உண்மையில் கடைகளுக்குப் போன சரக்கு. நம்முடைய மதுரை ரெப்புக்குத் தொடக்கத்தில் 4 லட்சம் சரக்கு இருந்தது. பிரைமரி 43.2 லட்சம். கடைசியில் மிச்சம் 4.4 லட்சம், திரும்பியது 50 ஆயிரம். ஆக செகண்டரி 42.3 லட்சம். டார்கெட்டோடு ஒப்பிட்டால் 100.7 சதவீதம். இரண்டு வழியிலும் அவர் டார்கெட்டைத் தொட்டிருக்கிறார். மிச்சமிருக்கும் 4.4 லட்சமும் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான சரக்கு மட்டுமே. ஸ்டாக்கிஸ்ட் வழக்கமாக வைத்திருக்கும் அளவுதான் அது.

இப்போது அதே ரீஜனில் பக்கத்து ஹெச்.க்யூ.வில் இருக்கும் சக ரெப்பைப் பார்ப்போம். டார்கெட் 40 லட்சம், பிரைமரி 44 லட்சம். 110 சதவீதம்! ரீஜன் கூட்டத்தில் கைதட்டல் வாங்கியவர் இவர்தான். ஆனால் அவருடைய ஸ்டாக்கிஸ்டுகளிடம் ஆண்டுத் தொடக்கத்தில் 4 லட்சமாக இருந்த சரக்கு மார்ச் கடைசியில் 9.1 லட்சமாகக் கூடியிருக்கிறது. திரும்பியது 50 ஆயிரம். செகண்டரி 38.4 லட்சம்தான், அதாவது 96 சதவீதம். மாதம் 3.2 லட்சம் விற்கிற இடத்தில் மூன்று மாதச் சரக்கு தேங்கிக் கிடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஸ்டாக்கிஸ்ட் புதிதாக ஆர்டர் போடப் போவதில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் காலாவதிச் சரக்கு மூட்டையாகத் திரும்பி வரும். இதை அறிந்த மேனேஜர் ரெஸ்யூமில் 110 என்ற எண்ணைப் பார்த்ததும் கேட்பது, “அடுத்த ஏப்ரல்ல பிரைமரி எவ்வளவு?” என்பதைத்தான். அந்த ஒரு மாதத்து எண், முந்தைய பன்னிரண்டு மாதங்களின் கதையையும் சொல்லிவிடும்.

இதனால்தான் 102.9 என்பதோடு ‘செகண்டரி அடிப்படையில் 100.7, ஆண்டிறுதி ஸ்டாக் ஏறக்குறைய 37 நாள்’ என்ற சிறு குறிப்பையும் சேர்த்தால் அந்த வரியின் கனம் கூடுகிறது. எண் சிறியதாகத் தெரிகிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எதிரே இருப்பவர் தேடுவது அதையேதான். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் அடுத்த கேள்வியின் தொனியே மாறிவிடும்.

அடுத்தது வளர்ச்சி. 36 லட்சம் 43.2 லட்சமானது சரியாக 20 சதவீத வளர்ச்சி. இந்த இருபதுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. புதிதாக அறிமுகமான மருந்து ஒன்று, விலையேற்றம் ஒன்று, அந்த ரெப் உண்மையில் கூட்டிய விற்பனை ஒன்று.

அந்த ஆண்டு நிறுவனம் ஒரு புதிய சர்க்கரை மாத்திரையைக் கொண்டுவந்தது என்று வைத்துக்கொள்வோம். மதுரையில் அது 2.16 லட்சத்துக்கு விற்றது. முந்தைய ஆண்டு அது இல்லவே இல்லை என்பதால் பழைய மருந்துகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் விற்பனை 41.04 லட்சம், வளர்ச்சி 14 சதவீதம்.

விலையை எடுத்துக்கொண்டால், இந்தியாவில் மருந்து விலை நிறுவனத்தின் விருப்பம் மட்டும் அல்ல. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளின் உச்சவரம்பு விலை ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்தவிலைக் குறியீட்டு எண்ணுக்கு ஏற்ப மாற்றப்படுகிறது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் விலையேற்ற முடியாது. 2023 ஏப்ரலில் பட்டியல் மருந்துகளுக்கு அனுமதிக்கப்பட்ட ஏற்றம் 12.12 சதவீதம். நம் ரெப்பின் மருந்துகளில் சில பட்டியலில் உள்ளவை, சில இல்லாதவை. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரியாக 8 சதவீதம் விலை ஏறியது என்று வைத்துக்கொண்டால், 14 சதவீத வளர்ச்சியில் அட்டை எண்ணிக்கையாகக் கூடியது ஐந்தரை சதவீதம் அளவுக்குத்தான்.

இருபது ஐந்தரையாகச் சுருங்கியதைப் பார்த்து அந்த ரெப் மனம் உடைய வேண்டியதில்லை. சர்க்கரை மருந்துச் சந்தையில் நிறையப் போட்டியாளர்களுக்கு நடுவே எண்ணிக்கையில் ஐந்தரை சதவீதம் கூட்டுவது லேசான வேலை அல்ல. ஆனால் ‘20 சதவீதம் வளர்த்தேன்’ என்று மொட்டையாக எழுதியவர், மேனேஜர் “இதுல புது பிராண்ட் எவ்வளவு, பிரைஸ் எவ்வளவு?” என்று கேட்கும்போது விழித்தால், அவருடைய மற்ற எண்களின் மேலும் சந்தேகம் விழுந்துவிடும்.

ஒரே சதவீதம் இரண்டு ஆண்டுகளில் இரண்டு பொருள் தரும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் பட்டியல் மருந்துகளுக்கு அனுமதிக்கப்பட்ட விலையேற்றம் 0.00551 சதவீதம். அதாவது ஒன்றுமே இல்லை. 2025இல் 1.74 சதவீதம். ஆகவே பட்டியல் மருந்துகளை மட்டும் விற்கும் ஒருவர் 2023-24இல் 15 சதவீதமும் 2024-25இல் 13 சதவீதமும் வளர்ந்திருந்தால், ரெஸ்யூமில் இறங்குமுகமாகத் தெரியும். உண்மை நேர்மாறாக இருக்கலாம். முதல் ஆண்டின் பெரும்பகுதி விலை தந்ததாக இருந்திருக்கக்கூடும். இரண்டாம் ஆண்டில் வந்தது ஏறக்குறைய முழுக்க எண்ணிக்கையால் வந்த வளர்ச்சி. அந்தப் பதின்மூன்றை எந்த விளக்கமும் இல்லாமல் விட்டுவிடுவது தன் உழைப்பைத் தானே மறைப்பதாகும்.

விலையையும் புது மருந்தையும் இப்படிப் பிரித்து எழுத ரெஸ்யூமில் இடம் இல்லை என்று ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். அதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது: தன் வளர்ச்சிக்குப் பக்கத்திலேயே ரீஜனின் வளர்ச்சியையும் எழுதுவது. மருந்து விலை எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் ஏறியது. புது மாத்திரை எல்லா ரெப்புக்கும்தான் கொடுக்கப்பட்டது. எனவே ரீஜன் 12 சதவீதம் வளர்ந்தபோது மதுரை 20 சதவீதம் வளர்ந்தது என்றால், பொதுவாகக் கிடைத்த சாதகங்கள் பெரும்பாலும் கழிந்துபோய், அந்த ஹெச்.க்யூ.வில் கூடுதலாக என்ன நடந்தது என்பது மட்டும் நிற்கும். நிறுவனங்களே தங்கள் மருந்தைச் சந்தையோடு ஒப்பிட இதே முறையைத்தான் கையாள்கின்றன. எவல்யூஷன் இண்டெக்ஸ் என்பார்கள். 120ஐ 112ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 107. நூறுக்கு மேல் இருந்தால் கூட்டத்தை முந்தியவர், கீழே இருந்தால் கூட்டம் இழுத்துச் சென்றவர். வளர்ச்சி வரியில் ஒரே ஒரு எண்ணைச் சேர்க்க இடம் இருக்கிறது என்றால், சேர்க்க வேண்டியது ரீஜன் வளர்ச்சியைத்தான்.

இன்னொரு பொறியும் உண்டு. முன்பு இருந்தவர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆளில்லாமல் கிடந்த ஹெச்.க்யூ.வில் போய்ச் சேர்கிறவருக்கு முதல் ஆண்டிலேயே 40 சதவீதம்கூட வளர்ச்சி வரும். விழுந்து கிடந்த அடித்தளத்திலிருந்து எழுந்த வளர்ச்சி அது. இதிலும் உழைப்பு இருக்கிறது, ஆனால் அது மீட்பு வேலை. ‘ஆறு மாதம் காலியாக இருந்த ஹெச்.க்யூ.வைப் பதினான்கு மாதத்தில் பழைய விற்பனை அளவுக்குக் கொண்டுவந்தேன்’ என்று எழுதினால் அது தனித் திறமையாகவே மதிக்கப்படும். காலி இடத்தை நிமிர்த்தத் தெரிந்த ஆளுக்கு எல்லா நிறுவனத்திலும் தேவை இருக்கிறது.

மூன்றாவது வரி, கையாண்ட மருத்துவர்கள். வேறு துறைகளில் இதை அக்கவுன்ட் என்பார்கள். மருந்துத் துறையில் டாக்டர் லிஸ்ட். ‘300 மருத்துவர்களை மாதம் மூன்று முறை சந்தித்தேன்’ என்று ஒருவர் எழுதுகிறார். மேனேஜர் மனக்கணக்குப் போடுவார். மாதத்துக்கு 900 சந்திப்பு, வேலை நாள் 24. ஒரு நாளைக்கு 37 மருத்துவர்கள். காலையில் ஓ.பி., மாலையில் கிளினிக், நடுவே காத்திருப்பு என்று ஓடும் இந்தத் தொழிலில் ஒரு நாளில் பத்து பதினொன்று பார்ப்பதே முழு நாள் வேலை. முப்பத்தேழு நடக்காது. நம்முடைய ரெப்பின் லிஸ்டில் 160 பேர். அதில் முக்கியமான 45 பேரை மாதம் மூன்று முறையும் மற்ற 115 பேரை ஒரு முறையும் பார்க்கிறார். 250 சந்திப்பு, நாளுக்கு ஏறக்குறைய பத்து. இது நம்பத் தகுந்த கணக்கு.

அதைவிட முக்கியமானது, அந்த 160 பேரில் எத்தனை பேர் இவருடைய மருந்தை எழுதுகிறார்கள் என்பது. ரெப்களிடம் இதை அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. கிளினிக்குக்கு அருகே உள்ள மருந்துக் கடையில் போய் நின்று, எந்த மருத்துவரின் சீட்டில் எந்த பிராண்ட் எத்தனை வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். ஆர்.சி.பி.ஏ. என்று இதற்குப் பெயர். கடைக்காரர் நேரம் ஒதுக்கிச் சொல்ல வேண்டுமென்றால் அவரோடு பழக்கம் இருக்க வேண்டும். கூட்டமான மாலை நேரத்தில் போய் நின்றால் “அப்புறம் வாங்க தம்பி” என்பதுதான் பதில். இந்தக் குறிப்புகளை ஒழுங்காக வைத்திருப்பவரால்தான், ‘ஆண்டுத் தொடக்கத்தில் 41 மருத்துவர்கள் எழுதினார்கள், முடிவில் 62 பேர்’ என்று சொல்ல முடியும். 160 என்பது அவருடைய கால் நடந்த தூரம். 41 என்பது 62 ஆனதுதான் அவர் செய்த விற்பனை.

மருத்துவர்களின் பெயர்களை ரெஸ்யூமில் போடக் கூடாது. அந்தப் பட்டியல் பழைய நிறுவனத்தின் சொத்து. அதைக் கொண்டுவருகிறவர் நாளைக்கு இங்கிருந்தும் கொண்டுபோவார் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். ‘மருத்துவர்களோடு நெருக்கம்’ என்பதற்குச் சான்றாகப் பரிசு, சுற்றுலா ஏற்பாடுகளைக் குறிப்பதும் தவறு. மத்திய அரசின் மருந்தியல் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட சந்தைப்படுத்தும் நெறிமுறை, மருத்துவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் தனிப்பட்ட பரிசு தருவதையும், கருத்தரங்கில் பேச்சாளராக அல்லாமல் கலந்துகொள்வதற்குப் பயணச் செலவு ஏற்பதையும் தடுக்கிறது. ஒருவர் பெருமையாக எழுதும் அந்த வரி, புதிய நிறுவனத்தின் பார்வையில் வம்பை விலைக்கு வாங்கும் வரி.

கடைசியாக ரேங்க். இதில்தான் அதிகம் விளையாடப்படுகிறது. ‘ரீஜனில் முன்னணி’ என்பதற்குப் பொருளே கிடையாது. எத்தனை பேரில், எந்த அளவுகோலில், எந்தக் காலத்தில் என்ற மூன்றும் இல்லாத ரேங்க் வெறும் பட்டம்.

நம் மதுரை ரெப்பின் ரீஜனில் 22 பேர். டார்கெட் சதவீதத்தில் வரிசைப்படுத்தினால் அவர் ஒன்பதாவது. 110 எடுத்த சக ரெப் இரண்டாவது. மொத்த ரூபாயில் வரிசைப்படுத்தினால் நம்மவர் பதினொன்றாவது. பெரிய மருத்துவமனைகள் நிறைந்த ஹெச்.க்யூ.வில் இருப்பவர்கள் யார் வந்து உட்கார்ந்தாலும் மேலேதான் இருப்பார்கள். வளர்ச்சியில் வரிசைப்படுத்தினால் நம்மவர் நான்காவது. ஒரே மனிதர், ஒரே ஆண்டு, மூன்று இடங்கள்.

இவற்றில் எதைப் போடுவது? எல்லோரும் தனக்குச் சாதகமானதைத்தான் போடுவார்கள், அதில் குற்றமில்லை. அளவுகோலைச் சொல்லிவிட்டுப் போட வேண்டும் என்பதே நிபந்தனை. ‘வளர்ச்சி விகிதத்தில் 22 பேரில் 4ஆம் இடம், 2023-24.’ இதுபோதும். டார்கெட் சதவீத ரேங்கைவிட இது வலுவானதும்கூட, ஏனென்றால் டார்கெட் என்பது மேலே இருப்பவர் போட்டது. சிலருக்கு இளக்கமாகவும் சிலருக்கு இறுக்கமாகவும் போடப்பட்டிருக்கும். ஆனால் வளர்ச்சி ரேங்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மாதம் 80 ஆயிரம் விற்ற சிறிய ஹெச்.க்யூ. 60 சதவீதம் வளர்ந்தால் கூடுவது மாதம் 48 ஆயிரம். மதுரையில் 3 லட்சம் 3.6 லட்சமானபோது கூடியது 60 ஆயிரம். முதலாமவர் ரேங்கில் மேலே, ரூபாயில் கீழே. ஆகவே சராசரி மாத விற்பனையையும் பக்கத்தில் குறிப்பது நல்லது. பி.சி.பி.எம். என்று துறையில் சொல்வது இதைத்தான், ஒரு ஆள் ஒரு மாதத்தில் கொண்டுவரும் விற்பனை. அதைப் பார்த்ததும் அந்த ரேங்க் எந்த அளவு ஹெச்.க்யூ.வில் வந்தது என்று மேனேஜருக்குப் புரிந்துவிடும்.

எல்லாவற்றையும் சேர்த்தால் நம்முடைய ரெப்பின் ரெஸ்யூமில் அந்த ஓராண்டு இவ்வளவுதான் ஆகும். ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். சாரம் தமிழில் இது: ‘2023-24, மதுரை ஹெச்.க்யூ., நாள்பட்ட நோய்ப் பிரிவு. டார்கெட் சாதனை 102.9 சதவீதம் (செகண்டரி 100.7, ஆண்டிறுதி ஸ்டாக் 37 நாள்). வளர்ச்சி 20 சதவீதம், ரீஜன் 12. இதில் புதிய மருந்தின் பங்கு 6. சராசரி மாத விற்பனை 3.6 லட்சம். 160 மருத்துவர்களில் எழுதுவோர் 41லிருந்து 62. வளர்ச்சியில் 22 பேரில் 4ஆம் இடம்.’ பெயரடைகள் இல்லை, ‘கடின உழைப்பாளி’ இல்லை. ரூபாய்க் கணக்கை வெளியிடக் கூடாது என்று பழைய நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருந்தால் மாத விற்பனையை எடுத்துவிட்டுச் சதவீதங்களை மட்டும் வைக்கலாம். வரி அப்போதும் நிற்கும்.

இந்த எண்களைச் சரிபார்க்க முடியாது என்று நினைப்பவர்கள் உண்டு. இன்சென்டிவ் சம்பளச் சீட்டில் வந்துவிடும். ஆள் எடுக்கும் நிறுவனம் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்கும்போது, டார்கெட்டைத் தாண்டியதாகச் சொன்ன காலாண்டில் இன்சென்டிவ் வரி காலியாக இருந்தால் கேள்வி வரும். ஊரில் ஸ்டாக்கிஸ்டும் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அவர் இரண்டு நிறுவனத்துக்கும் பொதுவானவர். புது நிறுவனத்தின் மேனேஜர் ஒரு டீ குடிக்க அங்கே போய் உட்கார்ந்தால், யாருடைய சரக்கு ஓடுகிறது, யாருடைய சரக்கு தூசி படிந்து கிடக்கிறது என்பது பேச்சோடு பேச்சாக வந்துவிடும்.

எண்களைச் சேர்த்து வைப்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். தினசரி அறிக்கை, செகண்டரி, ரேங்க் எல்லாம் இப்போது நிறுவனத்தின் மொபைல் செயலியில் இருக்கின்றன. ராஜினாமா ஏற்கப்பட்டதும் அந்த லாகின் மூடப்படும். அதன் பிறகு நான்கு ஆண்டு உழைப்பு நினைவில் மட்டும்தான் இருக்கும், நினைவில் 14 எளிதாக 20 ஆகிவிடும். ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் டார்கெட், சாதனை, தன் வளர்ச்சி, ரீஜன் வளர்ச்சி, ரேங்க் என்று ஐந்து எண்களைச் சொந்த நோட்டில் எழுதி வைத்தால் போதும். நிறுவனத்தின் அறிக்கையையோ மருத்துவர் பட்டியலையோ நகல் எடுப்பது வேறு விஷயம், அதைச் செய்யக் கூடாது. இந்த ஐந்து எண்கள் அவருடைய சொந்த வேலை வரலாறு.

தோற்ற ஆண்டை என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. நம் ரெப் 2019இல் வேலைக்குச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொண்டால், 2020-21இல் அவருடைய சாதனை 81 சதவீதம். நண்பர்கள் அந்த வரியையே எடுத்துவிடச் சொல்லியிருப்பார்கள். எடுத்தால் நடுவில் ஓர் ஆண்டு பல் விழுந்த இடம் மாதிரி தெரியும். கேள்வி எப்படியும் வரும். அவர் அதை அப்படியே வைத்திருக்கிறார். உள்ளே அழைக்கப்பட்டதும் மேனேஜர் விரலை வைப்பது அந்த வரியில்தான்.

“கோவிட்ல ஆன்டிபயாட்டிக் விக்கிறவங்க அடி வாங்கினாங்க, சரி. நீங்க சுகர் மருந்து. சுகர் பேஷன்ட் மாத்திரையை நிறுத்தலையே? எப்படி எம்பத்தொண்ணு?”

சரியான கேள்வி. லாக்டவுன் காலத்தில் காய்ச்சல், தொற்று மருந்துகளைவிட நாள்பட்ட நோய் மருந்துகளின் விற்பனை நிலையாகவே இருந்தது.

“சார், பேஷன்ட் யாரும் நிறுத்தலை. பழைய சீட்டையே கடையில காட்டி வாங்கிக்கிட்டாங்க. அதனால ஏற்கெனவே ஓடிட்டிருந்த பிராண்ட் எல்லாம் அப்படியே ஓடுச்சு. எங்க பிராண்ட் அப்பதான் வந்து அஞ்சு மாசம். கிளினிக் மூடியிருந்ததால புதுசா எழுத ஆளில்லை. எங்க பெரிய பிராண்ட் அந்த வருஷம் தொண்ணூத்தாறு சார், இந்தச் சின்னதுதான் இழுத்துவிட்டுச்சு. பிராண்ட் வாரியா நோட்டுல வச்சிருக்கேன்.”

மேனேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “நோட்டைக் காட்டுங்க” என்கிறார்.